கிளவுட் சான்றிதழ்: எதைப் படிப்பது, எதற்குப் பணம் கட்டுவது?

வேறு துறையிலிருந்து கிளவுடுக்கு வர நினைப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். அமேசான், மைக்ரோசாஃப்டின் அசூர் என்று ஒரு நிறுவனத்தின் சான்றிதழை வாங்கினால் அதிலேயே மாட்டிக்கொள்வோமோ, காம்ப்டியா கிளவுட் பிளஸ் போல எந்த நிறுவனத்தையும் சாராத ஒன்றை எடுத்தால் எங்கும் செல்லுமே என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதைப் படிப்பது, எதற்குப் பணம் கட்டுவது என்ற இரண்டும் இதில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் விடை மாறும்.

கோவையில் பம்பு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்க்கும், முப்பதைத் தொட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். எக்செல் நன்றாக வரும், லினக்ஸ் தொட்டதில்லை. அவர் குறிவைப்பது கிளவுட் சப்போர்ட் வேலை.

பணம் கட்டும் முன் அவர் ஒரு மாலை நௌக்ரியில் உட்கார வேண்டும். அனுபவம் 0 முதல் 3 ஆண்டு, ஊர் கோவை, சென்னை, பெங்களூரு என்று வைத்து, கிளவுட் சப்போர்ட் விளம்பரங்களில் ஒரு முப்பதை முழுதாகப் படித்து, எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று ஒரு ஷீட்டில் குறிக்கட்டும். அமேசானா அசூரா என்பதை அந்த எண்ணிக்கை முடிவு செய்யட்டும். கிளவுட் பிளஸ் என்ற பெயர் நம் ஊர் விளம்பரங்களில் அபூர்வம். அதன் பாடத்திட்டம் தரமானதுதான், குறை அதில் இல்லை, காரணம் வேறு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் மூன்றும் தங்கள் பார்ட்னர் நிறுவனங்களுக்குப் படிநிலை வைத்திருக்கின்றன. மேல்படிக்குப் போக, தங்கள் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. சேவை நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பிரிவு உங்கள் சான்றிதழைப் பார்க்கும்போது அந்தக் கணக்கும் கூடவே ஓடுகிறது. கிளவுட் பிளஸ் அந்தக் கணக்கில் சேராது. அதன் அமெரிக்க விலை 350 டாலருக்கு மேல். போதாக்குறைக்கு, இரண்டு மூன்று ஆண்டு சிஸ்டம் நிர்வாக அனுபவம் உள்ளவரை மனதில் வைத்து அமைத்த தேர்வு அது, புதிதாக வருபவருக்கானது அல்ல.

அப்படியானால் நேராக அமேசான் பாடத்தைத் திறந்துவிடலாமா? பலர் சறுக்குவது இங்கேதான். நேர்காணலில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியைப் பாருங்கள்: அமேசானின் வாடகை சர்வரான இ.சி.2-இல் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போட்டாயிற்று, வெளியிலிருந்து பக்கம் திறக்கவில்லை, எங்கே பார்ப்பீர்கள்? மனப்பாடம் செய்தவர் அமேசானின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப் என்பார், அதோடு நின்றுவிடுவார். அடிப்படை தெரிந்தவர், என்ன பிழை வருகிறது என்று திருப்பிக் கேட்பார். அதைக் காட்டும் கட்டளை இது:

```
curl -I http://203.0.113.10
```

`Connection timed out` என்று வந்தால் பாக்கெட் போன வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. `Connection refused` என்றால் பொதுவாக அது சர்வர் வரை போய்விட்டது, அங்கே கதவைத் திறக்க ஆள் இல்லை. இரண்டாவது வந்தால் அமேசான் திரையில் தேடிப் பயனில்லை, சர்வருக்குள் போய் எந்தப் போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

```
sudo ss -tlnp
```

இதில் 80-ஆம் போர்ட்டே காணவில்லை என்றால் என்ஜின்எக்ஸ் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. `127.0.0.1:80` என்று இருந்தால் ஓடுகிறது, ஆனால் அந்தச் சர்வருக்குள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும். `0.0.0.0:80` என்று மாற வேண்டும். இதுவரை சொன்னதில் அமேசானுக்கென்று தனியாக எதுவும் இல்லை. அசூரிலும் இதேதான்.

முதல் பிழையான `Connection timed out` வந்தால்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் பகுதி தொடங்குகிறது. அமேசானில் சர்வருக்குப் பொது ஐபி இருக்கிறதா, அது இருக்கும் நெட்வொர்க் பகுதியான சப்நெட்டின் ரூட் டேபிளில் `0.0.0.0/0` இன்டர்நெட் கேட்வேயைக் காட்டுகிறதா, செக்யூரிட்டி குரூப்பில் 80 உள்ளே வரலாமா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால், சப்நெட் அளவில் வேலை செய்யும் இன்னொரு வடிகட்டியான நெட்வொர்க் ஏ.சி.எல்.-ஐப் பார்க்க வேண்டும். செக்யூரிட்டி குரூப் உள்ளே விட்ட இணைப்பை நினைவில் வைத்துப் பதிலைத் தானே வெளியே அனுப்பும். ஏ.சி.எல்.-க்கு அந்த நினைவு கிடையாது. நாமே புதிதாக உருவாக்கிய ஏ.சி.எல்.-இல் உள்ளே 80-ஐ மட்டும் திறந்து, பதில் போக வேண்டிய 1024–65535 போர்ட்டுகளை வெளிப்பக்கம் திறக்காமல் விட்டால், கோரிக்கை வந்து சேரும், பதில் போகாது. அசூரில் இப்படி இன்டர்நெட் கேட்வேயைத் தனியாக உருவாக்கி இணைக்கும் வேலையே இல்லை.

பொது அறிவு எங்கே முடிந்து நிறுவன அறிவு எங்கே தொடங்குகிறது என்பதற்கு இன்னொரு சின்ன அடையாளம்: ஒரு /24 சப்நெட்டில் 256 முகவரி, வழக்கமான நெட்வொர்க்கில் பயன்படுத்தக்கூடியது 254. அமேசானிலும் அசூரிலும் 251தான், ஐந்தை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். 256 எப்படி வந்தது என்று தெரியாதவருக்கு 251 வெறும் மனப்பாடம்.

ஆக, அந்தக் கோவைக்காரர் முதல் இரண்டு மாதம் லினக்ஸ் கட்டளைகளைத் தனியாகவும், ஐபி, சப்நெட், டி.என்.எஸ்., போர்ட் ஆகியவற்றைக் காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் பாடத்திட்டத்தையே வழிகாட்டியாக வைத்தும் படிக்கட்டும். பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்வுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டாம்.

பிறகு நிறுவனத் தேர்வு. அமேசான் என்றால் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வான SAA-C03: 65 கேள்வி, 130 நிமிடம், 150 டாலர், வரி தனி. 1000-க்கு 720 எடுத்தால் தேர்ச்சி, 3 ஆண்டு செல்லும். தவறினால் 14 நாள் காத்திருந்து முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும். 100 டாலர் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வை மட்டும் வைத்து வேலை தேடுவது கடினம். ஆனால் ஒரு தேர்வில் தேறியவருக்கு அடுத்த தேர்வில் பாதிக் கட்டணம் தள்ளுபடி உண்டு என்பதால், அதை முதலில் எழுதினால் இரண்டும் சேர்ந்து 175 டாலர்தான். தேர்வு அறை பழக்கமில்லாதவருக்கு அந்தக் கூடுதல் 25 டாலர் வீண் இல்லை. விளம்பரங்களில் அசூர் முந்தினால் அசூர் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வான AZ-104. அது ஓராண்டுதான் செல்லும், என்றாலும் காலாவதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பிக்கலாம்.

பயிற்சிக்குப் பழைய வீடியோக்களை நம்பி 12 மாத இலவசக் கணக்கு என்று தேடாதீர்கள். 2025 ஜூலை நடுவிலிருந்து அமேசானில் புதிய கணக்குக்குத் தொடக்கத்தில் 100 டாலர் கிரெடிட், சில பணிகளை முடித்தால் இன்னும் 100 வரை. இலவசத் திட்டம் ஆறு மாதம் அல்லது கிரெடிட் தீரும்வரை, எது முந்துகிறதோ அதுவரை. இந்தக் கிரெடிட்டைச் சத்தமில்லாமல் தின்பது, பொது ஐபி இல்லாத சர்வர்கள் இணையத்துக்குப் போக வழிவிடும் நாட் கேட்வே. அமேசானின் வர்ஜீனியா பகுதி விலையில் மணிக்கு 0.045 டாலர், அப்படியே விட்டுவிட்டால் மாதம் 33 டாலர். பயிற்சி முடிந்ததும் சர்வரை நிறுத்தினால் போதாது, இதைத் தனியாக அழிக்க வேண்டும்.

கிளவுட் பிளஸுக்குப் பணம் கட்டுவது பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 8140 விதிக்கு உட்பட்ட சில பணிகளுக்கு ஏற்கப்படும் சான்றிதழ்களில் அதுவும் இருக்கிறது. அங்கே குடியுரிமை பெற்றுவிட்டவருக்கு அது உதவும், கோவையிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு அல்ல. சார்பற்ற சான்றிதழ்களில் நம் ஊர் விளம்பரங்களிலும் பெயர் வருவது, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸுக்கான சி.கே.ஏ. அதில் கொள்குறி வினாவே கிடையாது, இரண்டு மணி நேரம் டெர்மினலில் உண்மையான கிளஸ்டர்களைச் சரிசெய்ய வேண்டும். விலை 400 டாலருக்கு மேல், செல்லுபடி 2 ஆண்டு. வேலையில் சேர்ந்து, கிளஸ்டர் ஒன்று தினமும் கையில் புழங்கத் தொடங்கிய பிறகு, முடிந்தால் நிறுவனச் செலவிலேயே அதை எழுதலாம்.