வெள்ளிக்கிழமை கட்டியது, புதன்கிழமை வரவானது

"சார், கெடு தேதியிலேயே கட்டிவிட்டேன். என் கணக்கில் பணம் பிடித்ததற்கு எஸ்எம்எஸ் இருக்கிறது. அப்புறம் எதற்கு லேட் ஃபீ?"

கிரெடிட் கார்டு புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பதால் இந்த மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். நேற்றும் ஒருவர் இதையே சொன்னார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த எஸ்எம்எஸ்ஸை நம்பியதுதான் தப்பு.

எஸ்எம்எஸ் அனுப்பியது உங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கி. "உங்கள் கணக்கில் இருந்து பணம் எடுத்தாகிவிட்டது" என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கார்டு கொடுத்த வங்கிக்கு அது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தாலும் உங்கள் கார்டில் வரவு வைத்தார்களா என்பதெல்லாம் அதில் வராது. ஊருக்குப் பஸ் ஏறியதும் ஊர் வந்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. பணம் என்றால் மட்டும் ஏனோ நினைக்கிறோம்.

நேற்று வந்தவரின் கதையைப் பாருங்கள். கெடு தேதி 13, வெள்ளிக்கிழமை. அன்று இரவு 9.40-க்கு, கார்டு வங்கியின் இணையதளத்தில் 'வேறு வங்கிக் கணக்கில் இருந்து கட்ட' என்று இருக்கும் பக்கத்துக்குப் போய் நெட்பேங்கிங்கில் முழுத் தொகையையும் கட்டியிருக்கிறார். இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் நடத்துவது கார்டு வங்கி அல்ல, இடையில் இருக்கும் ஒரு கட்டண நிறுவனம். நாள் முழுக்க வரும் பணத்தை அது சேர்த்து வைத்து, அடுத்த வேலை நாளில் மொத்தமாக அனுப்பும். யார் கார்டுக்கு எவ்வளவு என்ற பட்டியலும் கூடவே போகும். 14 இரண்டாவது சனிக்கிழமை, 15 ஞாயிறு, 16 அரசு விடுமுறை. 17 மாலை பணம் கார்டு வங்கிக்குப் போனது. 18 காலையில்தான் அவர் கார்டில் வரவு ஏறியது. அதற்கு முந்தின இரவே கணினி லேட் ஃபீயைப் போட்டுவிட்டது.

"நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுகிறதே?" என்றார். ஓடுகிறது. 2019 டிசம்பர் 16 முதல் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக, விடுமுறையிலும் ஓடுகிறது. ஆனால் அவர் போனது அந்த வழியில் அல்லவே! கார்டு எண்ணைக் கணக்கு எண்ணாகப் போட்டு நேரடியாக நெஃப்ட் செய்திருந்தால் அன்றிரவே வங்கிக்குப் போயிருக்கும். அதிலும் ஒரு இலக்கம் தப்பினால் பணம் திரும்பி வரும். அது தெரிவதற்குள் கெடு போய்விடும்.

மூன்று நாள் சலுகை இருக்கிறதே என்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி நின்றால்தான் லேட் ஃபீ போடலாம். கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதும் அப்படித்தான். அந்த மூன்று நாளை இந்த விடுமுறைகளே தின்றுவிட்டன. இன்னொன்று, அந்தச் சலுகை இந்த இரண்டுக்கும்தான், வட்டிக்கு இல்லை. கெடுவுக்குள் முழுத் தொகை வரவாகவில்லை என்றால் வட்டியில்லாக் காலம் போய், பொருள் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். இது அடுத்த பில்லில்தான் தெரியும். லேட் ஃபீயைத் திரும்ப வாங்கிவிட்டு நிம்மதியாகப் போனவர்கள், அடுத்த மாதம் மறுபடி என் முன்னால் நிற்பது இதனால்தான்.

அதனால் புகார் எழுதும்போதே லேட் ஃபீ, வட்டி, இரண்டின் மேல் போட்ட ஜிஎஸ்டி மூன்றையும் கேளுங்கள். கட்டிய தேதியையே வரவு தேதியாக எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள். எஸ்எம்எஸ்ஸைப் படம் பிடித்து அனுப்பினால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கட்டணப் பக்கம் கொடுத்த ரசீது எண் வேண்டும். நெஃப்ட் என்றால் அந்தப் பரிமாற்றத்துக்கான யுடிஆர் எண் வேண்டும், அது உங்கள் வங்கியின் ஸ்டேட்மென்டில் இருக்கும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

ஆனால் எல்லோருக்கும் திரும்பக் கிடைத்துவிடாது. அந்தப் பக்கத்திலேயே, பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில், 'வரவாக மூன்று வேலை நாட்கள் ஆகலாம்' என்று போட்டிருப்பார்கள். நேற்று அவரிடம் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தயவுசெய்து கெடுவுக்கு நான்கைந்து வேலை நாள் முன்னால் கட்டிவிடுங்கள். சம்பளம் வருவதற்குள் கெடு வந்துவிடுகிறது என்றால் பில் போடும் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது மாற்றித் தர வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது. கடைசி நாள் வரை தள்ளிப்போட்டுத்தான் ஆக வேண்டுமா, கார்டு கொடுத்த வங்கியிலேயே ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து அதில் இருந்து கட்டுங்கள். கட்டிய பிறகு பார்க்க வேண்டியது கார்டு செயலியை. அங்கே பாக்கி குறைந்திருந்தால்தான் கட்டியதாகக் கணக்கு.