குறுக்கு விசாரணையா, எதிர் வினவலா?

கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் ஒருவருக்குச் சாட்சி சொல்ல வரச் சொல்லிக் கோர்ட்டிலிருந்து சம்மன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் முதல் எச்சரிக்கை இதுதான்: "அந்தப் பக்கத்து வக்கீலு குறுக்கு விசாரணை பண்ணுவாருங்க, சூதானமாப் பேசோணும்." கேட்டவருக்கு உடனே வயிற்றைக் கலக்குகிறது. "நா என்னுங்க தப்புப் பண்ணுனேன்? என்னைய எதுக்கு விசாரிக்கறாங்க?" இந்தப் பயத்தில் பாதியை உண்டாக்குவது அந்தச் சொல்தான். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மொழிபெயர்ப்புத் தொடர்களிலும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டு, அதற்கு வேறு தமிழே இல்லை என்று நம்பிவிட்டோம். இருக்கிறது. எதிர் வினவல் என்பதே சரியான சொல்.

வேர் பார்த்துவிடலாம். சாட்சி வடசொல், கண்ணால் கண்டவர் என்பது அதன் அடிப்பொருள். விசாரணையும் வடசொல், ஆராய்தல், எண்ணிப் பார்த்தல் என்பது பொருள். நம் பக்கம் எழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதும் இந்தச் சொல்லால்தான். குறுக்கு தமிழ்ச் சொல், நெடுக்குக்கு மறுதலை.

வடசொல் என்பதற்காக விசாரணையை விரட்டச் சொல்லவில்லை. அது தாங்க முடியாத பாரத்தை நாம் அதன் தலையில் ஏற்றியிருக்கிறோம் என்பதுதான் குறை. போலீஸ்காரர் ஊருக்கு வந்து கேட்பது விசாரணை. கோர்ட்டில் வழக்கு நடப்பதும் விசாரணை. அதற்குள் ஒரு சாட்சியிடம் கேள்வி கேட்பதும் விசாரணை. "நீங்கள் இதை விசாரணையில் சொன்னீர்களா?" என்று வக்கீல் கேட்டால், எந்த விசாரணை என்று சாட்சிக்கு எப்படித் தெரியும்? சம்பவத்தன்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னதா, அரை மணி நேரத்துக்கு முன் இதே கூண்டில் நின்று சொன்னதா? பதில் மாறினால் வழக்கே மாறும். புலன் விசாரணை என்று போலீஸ் வேலைக்குத் தனிப்பெயர் இருக்கிறது, நல்ல பெயர். கூண்டில் நடப்பதற்கும் அப்படி ஒரு தனிப்பெயர் வேண்டும்.

குறுக்கு என்பதில்தான் பெரிய பிழை. 'கிராஸ் எக்ஸாமினேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியை அகராதியில் பார்த்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் குறுக்கே பேசுவது என்றால் ஒருவர் பேச்சை இடைமறிப்பது. குறுக்குப் புத்தி என்றால் கோணல் புத்தி. குறுக்கு வழி நேர்மையில்லாத வழி. ஆகவே குறுக்கு விசாரணை என்றதும், வக்கீல் இடைமறித்துக் கோணலாகக் கேட்டு மடக்கும் வேலை என்று தமிழ்க் காது எடுத்துக்கொள்கிறது. சட்டம் சொல்வது அதையல்ல. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 137-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 142-ஆம் பிரிவும் ஒரே வரையறையைத் தருகின்றன. சாட்சியை அழைத்த தரப்பு கேட்பது முதலாவது, எதிர்த்தரப்பு கேட்பது இரண்டாவது, அழைத்த தரப்பே மறுபடி கேட்பது மூன்றாவது. யார் கேட்கிறார் என்பதுதான் இலக்கணம். எப்படிக் கேட்கிறார் என்பதற்கு அந்த வரையறையில் இடமே இல்லை. ஆகவே முதல் வினவல், எதிர் வினவல், மறு வினவல். நம் கோர்ட்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றே எழுதுகிறார்கள்: முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. அவர் தரப்பு கேட்பது எதிர் வினவல் என்பதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பிறழ் சாட்சி விஷயத்தில் அரசு வக்கீல் தாம் அழைத்த சாட்சியையே அப்படிக் கேட்கிறாரே, அப்போது 'எதிர்' பொருந்துமா என்பார்கள். பொருந்தும். சாட்சி மாறிப் பேசும்போது, எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்க அழைத்த தரப்புக்கே நீதிபதி அனுமதி தரலாம் என்றுதான் புதிய சட்டத்தின் 157-ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பின் உரிமையை இரவல் வாங்குகிறார், அவ்வளவுதான். பிறழ் சாட்சி என்ற சொல்லையும் இங்கே பாராட்ட வேண்டும். அதை ஆக்கியவர் ஆங்கிலத்தைப் பார்த்துப் 'பகைச் சாட்சி' என்று எழுதாமல், நடப்பது என்ன என்று யோசித்திருக்கிறார்.

பெயர் மாறினால் கூண்டில் என்ன மாறும்? ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். பெருந்துறைப் பக்கம் ஒரு டீக்கடை, இரவு எட்டரை மணி. தறிக்கூலித் தகராறில் ஒருவருக்கு இரும்புக் கம்பியால் தலையில் அடி. எதிரிகள் இருவர். பேக்கரிச் சந்தில் நின்றிருந்த தறி ஓட்டுபவர் ஒருவர் அரசுத் தரப்பின் இரண்டாவது சாட்சி; கோர்ட் கணக்கில் அ.சா.2.

சம்மன் இரண்டு படிகளாக வரும். ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதன் பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். குறித்த நாளில் போக வேண்டும். தக்க காரணம் இல்லாமல் போகாவிட்டால் வாரண்டும் அபராதமும் வரலாம். போனாலும் வாய்தா ஆகலாம். அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு, நீதிபதி போகச் சொன்ன பிறகே கிளம்ப வேண்டும். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை வெளியேதான் நிற்க வேண்டும், மற்றச் சாட்சிகள் சொல்வதைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. உறுதிமொழி எடுத்தபின் தெரிந்தே பொய் சொன்னால் ஏழாண்டு வரை சிறை. இவைதாம் கடமை, எல்லாம் சம்மன் வந்த அன்றே யாராவது சொல்லிவிடுவார்கள்.

முதல் வினவலில் அரசு வக்கீல், தகராறுக்கு உரிய விஷயத்தில் பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. "என்ன பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்கலாம். எதிர் வினவலில் அந்தத் தடை இல்லை. "கடைக்கும் சந்துக்கும் நூறு அடி, நடுவில் விளக்கு இல்லை, உங்களுக்கு முகம் தெரிந்திருக்காது, அப்படித்தானே?" என்று முழுப் பதிலையும் வக்கீலே சொல்லிக் கடைசியில் ஒரு கொக்கியை மாட்டலாம்.

நம் வட்டார வழக்கு சாட்சியைக் கவிழ்ப்பது இந்த இடத்தில்தான். பெரியவர்கள் பேசும்போது இடையிடையே "ஆமாங்க", "சரிங்க" என்பது கொங்கில் மரியாதை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டுமே அதற்குப் பொருள். வக்கீல் ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, சாட்சி ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" போடுகிறார். தட்டச்சில் ஏறுவது: "சம்பவ இடத்தில் வெளிச்சம் இல்லை என்று சொன்னால் சரிதான்." அதேபோல "நீங்கள் பார்க்கவில்லை, அப்படித்தானே?" என்பதற்கு "இல்லீங்க" என்றால், பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டதா, அப்படியல்ல என்று மறுத்ததா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் "நா பார்த்தனுங்க, கடை டியூப் லைட்டு எரிஞ்சுது" என்று முழு வாக்கியமாகச் சொல்வதுதான் மாற்று. கேள்வி முடியும்வரை "ஆமாங்க" போடாமல் காத்திருக்க வேண்டும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லலாம். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லலாம்.

அடுத்தது முன்வாக்குமூலம். நம் சாட்சி கூண்டில், "முதலாம் எதிரி கம்பியால் அடித்தார், இரண்டாம் எதிரி கையைப் பிடித்துக்கொண்டார்" என்கிறார். புலன் விசாரணையில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையைப் பிடித்த சங்கதி இல்லை. "கையைப் பிடித்ததாக நீங்கள் போலீசாரிடம் சொல்லவில்லை" என்று வக்கீல் கேட்கிறார். "சொன்னனுங்க" என்கிறார் சாட்சி. அதோடு அது முடிவதில்லை. பின்னால் கூண்டேறும் புலன் விசாரணை அதிகாரியிடம் அதையே கேட்டு, "அ.சா.2 என்னிடம் அவ்வாறு கூறவில்லை" என்று பதிவான பிறகுதான் விடுபாடு நிரூபணமாகும். அதுவும் வழக்கின் உயிரான விஷயமாக இருந்தால்தான் முரண்பாடாகக் கொள்வார்கள். இங்கே உயிரான விஷயம்தான். இரண்டாம் எதிரி விடுதலையாக அது ஒன்றே போதுமானதாகலாம். போலீஸ் எழுதிய அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே அதன் நடை எழுதியவருடையது. சொன்னதைச் சொன்னேன் என்றும், சொல்ல விட்டதை விட்டுப்போச்சு என்றும் சொல்வதில் சாட்சிக்கு இழுக்கு எதுவும் இல்லை.

கடைசியாக வருவது, 'குறுக்கு' என்ற சொல்லால் மிக மோசமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் கேள்வி. "நீங்கள் அன்று அந்த இடத்திலேயே இல்லை, காயம்பட்டவர் உறவு என்பதால் பொய்சாட்சி சொல்கிறீர்கள்." தன்னை இத்தனை பேர் நடுவில் பொய்யன் என்கிறாரே என்று சாட்சிக்குக் கோபம் வந்து, கேளாததற்கெல்லாம் பதில் பேசித் தொலைப்பது இந்த இடத்தில்தான். அது வசை அல்ல. எதிரியின் கட்சி என்னவோ அதைச் சாட்சியின் முகத்துக்கு நேரே வைத்து, அவர் பதிலைக் கேட்க வேண்டும். வைக்காமல் விட்டால், சாட்சி சொன்னதை எதிரி மறுக்கவில்லை என்று கோர்ட் எடுத்துக்கொள்ள இடமுண்டு. வக்கீல் தம் கடமையைச் செய்கிறார். "இல்லீங்க, நா அங்கதான் இருந்தேன்" என்றால் போதும். உண்மையிலேயே இழிவுபடுத்தவே கேட்கும் கேள்விகளை நீதிபதி தடுப்பார். அதற்குத் தனிப்பிரிவு உண்டு. எதிர்த்தரப்பு தன் கட்சியை எதிரே வைக்கிறது என்று பெயரே சொல்லியிருந்தால் சாட்சிக்கு இந்தக் கோபம் வந்திருக்காது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இன்னும் பழைய சொல்லுக்குப் போகலாம் என்பார்கள். சாட்சிக்குச் சங்கத் தமிழ் கரி என்கிறது. "அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க்கு இல்லை" என்பது குறுந்தொகை. கள்ளூரில் ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டு அறியேன் என்று சத்தியம் செய்தவனை, "அறிகரி கடாஅய்" உண்மை கண்டதாக அகநானூறு சொல்கிறது: அறிந்த சாட்சிகளைக் கேள்வி கேட்டு. கடாவுதல் என்பது இந்த வேலைக்கென்றே பிறந்த சொல் போலிருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கரி என்றால் அடுப்புக்கரி, கடா என்றால் கோயிலுக்கு வெட்டுவது. சம்மன் வந்தவருக்குப் புரியாத சொல் எத்தனை தூயதானாலும் இந்த இடத்துக்கு ஆகாது. சாட்சி ஊரார் வாயில் தமிழாகிவிட்ட சொல், அது இருக்கட்டும். வினவல் பழசும்கூட, புரிவதும்கூட. 'குறுக்கு வினவல்' என்று பாதி திருத்துபவர்கள்தாம் எனக்குப் புரியவில்லை. தவறான பாதியை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுகிறார்கள்.

வினவல் முடிந்ததும், பதிவானதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். "சரிதான்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சரியல்ல" என்று ஏறியிருக்கலாம். நூறு அடி இருநூறு ஆகியிருக்கலாம். தவறு என்று அப்போதே சொல்லலாம். நீதிபதி திருத்துவார், திருத்த இசையாவிட்டாலும் சாட்சியின் ஆட்சேபத்தைக் குறித்துவைப்பார். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.