தலையணையின் நடுப்பகுதி காய்ந்துவிட்டதா?

இடது கன்னம், இடது காதின் பின்புறம், கழுத்தின் இடது ஓரம். மூன்று இடங்களும் சிவந்து, சொரசொரத்து, சொறிந்த கீறல்களோடு இருந்தன. வலது பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. நாற்பது வயதை ஒட்டிய அந்தப் பெண்மணி நான்கு மாதங்களாகக் களிம்புகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்திருந்தார். போடும்வரை அடங்கும், நிறுத்தினால் திரும்பும் என்றார்.

ஒரு பக்கம் மட்டும் வருகிற தடிப்பைப் பார்த்தால் தோல் மருத்துவர் முதலில் யோசிப்பது, அந்தப் பக்கத்தை மட்டும் தொடுவது எது என்பதைத்தான். அவர் கைப்பேசியை வலது காதில் வைத்துப் பேசுபவர். தலைச்சாயம் பூசுவதில்லை. ஆனால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்றார். தலையணை உறையைப் பற்றிக் கேட்டதும் அவருக்குச் சற்றுக் கோபமே வந்துவிட்டது.

"வாரம் தவறாமல் உறையைத் துவைக்கிறேன், டாக்டர். உறை என்ன, தலையணையையே மெஷினில் போட்டுத் துவைத்துவிட்டேன்."

எப்போது துவைத்தீர்கள் என்று கேட்டேன். நான்கைந்து மாதம் இருக்கும் என்றார். தடிப்பின் வயதும் அதுவேதான். அடுத்த முறை வரும்போது அந்தத் தலையணையை அப்படியே கொண்டுவரச் சொன்னேன்.

உறையைக் கழற்றியபோது மஞ்சள் படிந்த வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. வியர்வையும் தோலின் எண்ணெயும் ஊறிக் காய்ந்த கறை அது; துவைத்தாலும் முழுதாகப் போகாது, அதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். நான் பார்க்க விரும்பியது வேறு. தலையணையை நடுவில் அழுத்தி, வெளிவரும் காற்றை முகர்ந்தேன். சோப்பு மணமும் ஈரத்துணி மூடிக்கிடந்த வாடையும் கலந்து வந்தன. பிறகு ஒரு மூலையைக் குழாயில் நனைத்து விரல்களால் கசக்கினேன். நான்கு மாதம் முன்பு துவைத்த தலையணையிலிருந்து வெள்ளை வெளேரென்று நுரை வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நடந்தது இதுதான். கறை போகவேண்டும் என்று சோப்புத் தூளை இரண்டு பங்கு போட்டிருக்கிறார். ஒரே முறை அலசியிருக்கிறார். ஒரு நாள் வெயிலில் வைத்து, மேல்துணி காய்ந்ததும் உறையைப் போட்டுவிட்டார். பஞ்சுக்குள் சோப்பு தங்கிவிட்டது, ஈரமும் தங்கிவிட்டது. ஒவ்வோர் இரவும் கன்னம் வியர்த்து உறையை நனைக்கும்போது அந்தச் சோப்பு கரைந்து தோலுக்கு வருகிறது. சிறு வயதில் எக்ஸிமா இருந்த தோல் அவருடையது. அத்தகைய தோல் இதைப் பொறுக்காது.

துவைக்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்றால், அதுவும் இல்லை. தலையணைக்குள் சேர்வது வியர்வையும் எண்ணெயும் உதிர்ந்த தோல் செதில்களும். அந்தச் செதில்களைத் தின்று வாழ்பவை தூசிப் பூச்சிகள். கால் மில்லிமீட்டர் நீளம், அதனால் கண்ணுக்கு எளிதில் தென்படாது. இவை கடிப்பதில்லை, இரத்தம் குடிப்பதில்லை. தொல்லை தருவது இவற்றின் எச்சம். அதிலுள்ள புரதங்களில் ஒன்று, நம் தோலின் மேலடுக்கைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இணைப்புகளை அறுக்கும் தன்மையுள்ள நொதி. ஒவ்வாமை உள்ளவருக்கு அதே எச்சம் காலைத் தும்மலையும் மூக்கடைப்பையும் கண் அரிப்பையும் கொண்டுவரும். இவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சி உயிர்வாழ்கின்றன. அதனால் அரைகுறையாகக் காய்ந்த தலையணை இவற்றுக்குச் சொகுசான வீடு. பூஞ்சைக்கும் அப்படியே.

இங்கே ஒரு எச்சரிக்கை. படுக்கையில் அரிக்கிறது என்றால் எல்லாவற்றுக்கும் தலையணையைக் குற்றம் சொல்லக்கூடாது. விரலிடுக்கில் அரித்து, வீட்டில் மற்றவருக்கும் இரவில் அரித்தால் சிரங்கு இருக்கலாம். வரிசையாகக் கடித்த தடங்களும் விரிப்பில் இரத்தப் புள்ளிகளும் இருந்தால் மூட்டைப்பூச்சி. வட்டமாகப் பரவி, ஓரம் செதிலாக உயர்ந்து, நடுப்பகுதி தெளிந்திருந்தால் படர்தாமரை. அதன்மேல் ஸ்டீராய்டு களிம்பு போட்டால் உருவம் மாறி, கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். இந்தப் பெண்மணிக்கும் செதிலைச் சுரண்டிப் பூஞ்சை இல்லை என்று பார்த்த பிறகே தலையணைப் பேச்சுக்கு வந்தேன்.

சரி, எப்படித் துவைப்பது? அவருக்குச் சொன்னதையே சொல்கிறேன். இது செயற்கை நார்ப்பஞ்சு அடைத்த தலையணைக்கு உரியது.

முதலில் சமையலறைத் தராசில் தலையணையை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். காரணம் பிறகு வரும். மெஷினில் ஒன்றை மட்டும் போட்டால் ஒரு பக்கம் பாரம் சேர்ந்து தொட்டி ஆட்டம் போடும். இரண்டாகப் போடுவது நல்லது. சோப்புத் தூளுக்குப் பதில் திரவ சோப்பு, அதுவும் வழக்கமான அளவில் பாதி. துணி மிருதுவாக்கி வேண்டவே வேண்டாம், அதன் வாசனைப் பொருளே சிலருக்கு ஒவ்வாமை தரும். தைத்திருக்கும் சீட்டில் 60 டிகிரி செல்சியஸ் அனுமதி இருந்தால் அந்தச் சூட்டில் துவைக்கலாம், பூச்சிகள் செத்துவிடும். 40 டிகிரிதான் என்றால் அவற்றில் நிறைய தப்பிவிடும். ஆனாலும் எச்சம் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் ஒவ்வாமைப் பொருள் பெருமளவு கழுவப்பட்டுவிடும். துவைத்து முடிந்ததும் சோப்பில்லாமல் குறைந்தது இரண்டு முறை அலச வேண்டும். கடைசியில் ஒரு மூலையைக் கசக்கிப் பாருங்கள். நுரை வந்தால் இன்னொரு முறை.

இனி காய்வது. அவர் புதிதாக வாங்கிய தலையணையின் எடை 700 கிராம். மூன்று மாதம் கழித்து அதைத் துவைத்து, பிழிந்து எடுத்தபோது 1,150 கிராம். ஒரு முழுநாள் வெயிலுக்குப் பிறகு மேல்துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது, கைக்குச் சூடாகக்கூட இருந்தது. தராசில் வைத்தால் 820. ஏறத்தாழ அரை டம்ளர் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பழைய தலையணைக்கு உறை போட்ட கட்டம் அதுதான். இந்த முறை கட்டிதட்டிய பஞ்சைக் கையால் பிரித்துவிட்டு, புரட்டிப் புரட்டிப் போட்டு, இரண்டாம் நாள் மாலை எடைபோட்டார். 700. அப்போதுதான் உறை ஏறியது. தராசு இல்லாதவர்கள் தலையணை ஆறியபின் நடுவில் கன்னத்தை அழுத்தி ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கலாம். உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று தெரியும். ஆனால் தராசை நம்புவது மேல்.

இதற்காக, இரண்டு நாள் தொடர்ந்து வெயிலோ நல்ல காற்றோ கிடைக்காத நேரத்தில் தலையணையைத் துவைக்காதீர்கள். அரைகுறையாகக் காயப்போவதைவிட ஒரு மாதம் தள்ளிப்போடுவது தோலுக்கு நல்லது.

எல்லாத் தலையணையும் தண்ணீரைத் தாங்காது. இலவம்பஞ்சு நனைந்தால் கட்டிதட்டிப்போகும். மெமரி ஃபோம் என்கிற நினைவு நுரையும் ரப்பர் நுரையும் மெஷினில் கிழியும், ஈரத்தை விடவும் மாட்டா. ரப்பர் நுரையைக் கடும் வெயிலில் வைத்தால் பொடிந்தும்போகும். இத்தகைய தலையணைகளுக்குப் புதிதாக வாங்கிய அன்றே, ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உள்ளுறை ஒன்றைப் போட்டு, அதன்மேல் வழக்கமான உறையைப் போட வேண்டும். துவைப்பதெல்லாம் இந்த இரண்டு உறைகளைத்தான்.

மெத்தையைத் துவைக்க முடியாது என்பதால் அதன் பாதுகாப்பு உறைக்கு வேலை அதிகம். அதில் நான் பார்க்கும் தொல்லை முதுகில் வரும். தண்ணீர் புகாத தடித்த பிளாஸ்டிக் உறையில் படுப்பவர்களுக்கு வியர்வை போக வழியில்லாமல் வேர்க்குருவும், மயிர்க்கால்களில் ஒரே அளவான அரிக்கும் சிறு பருக்களும் வருவதுண்டு. இந்தப் பருக்கள் ஒருவகை ஈஸ்ட் பூஞ்சையால் வருபவை. முகப்பருவுக்கான ஆன்டிபயாடிக் இவற்றை ஆற்றாது. மேலே பருத்தித் துணியும் அடியில் மெல்லிய பாலியூரித்தேன் படலமும் உள்ள உறை வியர்வையின் ஆவியை ஓரளவு வெளியே விடும். சிறுநீர் கசிவு இல்லாத வீட்டில் நீர்புகா உறை தேவையா என்பதையே யோசிக்கலாம்.

நீர்புகா உறையை மெஷினின் அதிவேகச் சுழற்சியில் பிழியக்கூடாது. படலத்துக்குள் தண்ணீர் சிக்கி, சுற்றும்போது தொட்டி நிலைகுலைந்து மெஷினே உடையலாம். பிளீச்சும் இஸ்திரிச் சூடும் படலத்தைப் பிரித்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், பிரிந்த இடம் கொப்புளம் போலவோ வெடிப்புக் கோடுகளாகவோ தெரியும். பிறகு அது வியர்வையை மெத்தைக்கு விட்டுவிடும், மாற்ற வேண்டியதுதான்.

தலையணையை எப்போது மாற்றுவது என்பதற்கு ஆண்டுக் கணக்கைவிட மடிப்புச் சோதனை எனக்குப் பிடிக்கும். காய்ந்த நார்ப்பஞ்சுத் தலையணையை இரண்டாக மடித்து, காற்று போக அழுத்தி, கையை எடுங்கள். தானாக விரியாமல் மடிந்தே கிடந்தால் அது முடிந்துவிட்டது. நன்றாகக் காய்ந்தபிறகும் வாடை வந்தால் சோதனையே வேண்டாம், விட்டுவிடுங்கள். அந்தப் பெண்மணியின் பழைய தலையணை மடிப்பிலும் வாடையிலும் தோற்றது. திரும்ப அலசித் தேற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

உறை வாரம் ஒருமுறை, மெத்தையின் பாதுகாப்பு உறை மாதம் ஒருமுறை, தலையணை மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை என்பது நான் சொல்லும் கணக்கு. இரவில் அதிகம் வியர்ப்பவர், தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர் உறையை வாரம் இருமுறை மாற்றலாம்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பூச்சி புகாத உறைகளை மட்டும் நம்பி ஆஸ்துமா மருந்தைக் குறைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய உறைகளை மட்டும் போட்டதால் பயன் தெரியவில்லை. தோலுக்கும் நான் தலையணையை மட்டும் மாற்றச் சொல்வதில்லை. அந்தப் பெண்மணிக்கு இரண்டு வாரத்துக்கு மிதமான ஸ்டீராய்டு களிம்பும், இரவில் முகம் கழுவியபின் வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பும் கொடுத்தேன். முன்பும் இதேபோன்ற களிம்பைத்தான் போட்டிருந்தார், நிறுத்தியதும் திரும்பிற்று.

இந்த முறை நிறுத்தி ஆறு வாரம் கழித்து வந்தார். கன்னத்தில் இலேசான நிறமாற்றம் மட்டும் மிச்சம், காதின் பின்புறம் முழுதாக ஆறியிருந்தது. கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். வீட்டிலுள்ள ஐந்து தலையணைகளின் எடையும் அதில் வரிசையாக எழுதியிருந்தது.