விளம்பரம் வரும் முன்பே தெரிந்துவிடும் காலியிடம்

ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். அவர் இடத்துக்கு ஆள் தேவை என்பது அவருடைய மேனேஜருக்கும் டீமுக்கும் அன்றே தெரிந்துவிடும். ஆனால் மேலிடத்து ஒப்புதல் வாங்கி, எச்.ஆர். விளம்பரம் போட வாரங்கள் ஆகும். அதற்குள் மேனேஜர் தன் ஆட்களிடம், “தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டிருப்பார். ஆளெடுப்பு வேலையில் இருக்கும் நான் அடிக்கடி பார்ப்பது இது. விளம்பரம் வரும்போது சில சமயம் ஆள் ஏறக்குறைய முடிவாகியிருக்கும்.

அந்த இடைவெளியில் உங்கள் பெயர் அங்கே அடிபட வேண்டும். அதற்கு நெருங்கிய நண்பர்கள் அவ்வளவாக உதவ மாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும். எப்போதாவது பேசுகிறவர்கள் வழியாகத்தான் வேலைச் செய்தி அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். கல்லூரி சீனியர்கள் இந்த வகை. லிங்க்ட்இனில் உங்கள் கல்லூரிப் பக்கத்தில் முன்னாள் மாணவர்கள் பகுதிக்குப் போனால், ஊர், நிறுவனம், வேலை வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம். ஓசூரில் குவாலிட்டி இன்ஜினியராக இருக்கும் ஒருவர், பாகங்கள் தரும் நிறுவனங்களின் தரத்தைக் கவனிக்கும் சப்ளையர் குவாலிட்டி வேலைக்கு மாற நினைக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் அதே வேலையில் இருக்கும் சீனியருக்கு இப்படி எழுதலாம்: “வணக்கம் அண்ணா, நம்ம காலேஜ், 2019 பேட்ச் மெக்கானிக்கல். இப்போது ஓசூரில் குவாலிட்டியில் இருக்கிறேன். சப்ளையர் குவாலிட்டி வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் கால் மணி நேரம் பேச முடியுமா?” ரெஸ்யூமே இணைக்க வேண்டாம். வேலை கேட்டால், ‘இப்போது எதுவும் இல்லைப்பா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வேலையைப் பற்றிக் கேட்டால் பேசுவார்.

பேசும்போது, “உங்கள் டீமில் இப்போது எது இழுத்துக்கொண்டிருக்கிறது?” என்று கேளுங்கள். “இரண்டு காஸ்டிங் சப்ளையரிடம் ரிஜெக்ஷன் குறையவே இல்லை, பார்க்கவும் ஆள் போதவில்லை” என்று பதில் வந்தால், அங்கே ஓர் இடம் உருவாகிறது என்று பொருள். காஸ்டிங்கில் நீங்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அப்புறம், வேறு யாரிடம் பேசலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரெஸ்யூமே அவரே கேட்டால் அன்றே அனுப்புங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சீனியரிடம் பேசும் முன்பே அதே நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். பல நிறுவனங்களில், ஏற்கெனவே பதிவான ஆளை ஓர் ஊழியர் பரிந்துரைத்தாலும், சில மாதங்களுக்கு ரெஃபரலாக ஏற்க மாட்டார்கள். சீனியர் மனது வைத்தாலும் சிஸ்டம் தள்ளிவிடும்.

அரசு வேலைக்கும் பொதுத்துறைத் தேர்வுகளுக்கும் இந்த வழி கிடையாது. ரெஃபர் செய்யப் பணம் கேட்கிறவர் சீனியராகவே இருந்தாலும் விலகிவிடுங்கள். ரெஃபரல் போனஸை நிறுவனமே அவருக்குத் தரும், அதுவும் பெரும்பாலும் நீங்கள் சேர்ந்து சில மாதம் தாக்குப்பிடித்த பிறகுதான்.