பிரிப்பானும் இல்லை, நீக்கியும் இல்லை: ஈடுகட்டி

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான், சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் பாலிடெக்னிக் பிள்ளைகள் சிலர் கூடுவார்கள். செம்பனை ஆலையில் கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் கட்டுப்பாட்டியல் பாடம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். போன வாரம் ஒரு தம்பி பலகையில் ‘நிலையான பிரிப்பான்’ என்று எழுதினான். ஒரு வால்வின் பக்கவிளைவை இன்னொரு வால்வால் சமாளிக்கும் ஸ்டேட்டிக் டீகப்ளருக்குத் தமிழாம். யாரோ தொகுத்த சொற்பட்டியலில் இருந்து எடுத்ததாகச் சொன்னான். இதே சொல்லை இந்த ஆண்டில் நான் கேட்பது மூன்றாவது முறை. இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘கப்பிள்’ லத்தீன் ‘கோப்புலா’வில் இருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கட்டு, பிணைப்பு என்று பொருள். முன்னால் ‘டீ’ போட்டால் கட்டு அவிழ்ப்பது. தமிழில் பிணை என்ற வேர் கைவசம் இருக்கிறது. சூடடிக்கும் களத்தில் மாடுகளைச் சேர்த்துக் கட்டி நடத்துவதைப் பிணையல் என்பார்கள். ஒரு மாடு அசைந்தால் மற்றதும் இழுபடும். நம் பாடத்தில் வரும் கப்ளிங்கும் இதேதான்: ஒரு வால்வைத் திருப்பினால் இரண்டு அளவுகளும் நகரும்.

சரி, ‘பிரிப்பான்’ ஏன் ஆகாது? எந்த எண்ணெய் ஆலையிலும் போய்ப் பிரிப்பான் எங்கே என்று கேளுங்கள். கசடைச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரைக் காட்டுவார்கள். அது ஒரு குழப்பம். அதைவிடப் பெரிய குழப்பம், அந்தக் கருவி எதையும் பிரிப்பதில்லை என்பது. வேறு சிலர் எழுதும் ‘பிணைப்பு நீக்கி’யும் இந்த இடத்தில்தான் தவறுகிறது. பிணைப்பு நீங்குவதே இல்லை. அது குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் அப்படியே கிடக்கிறது. கட்டுப்படுத்திக்கும் வால்வுகளுக்கும் நடுவே நாம் ஒரு கணக்கை வைக்கிறோம். முதல் வால்வு செய்யப்போகும் பக்கவிளைவை இரண்டாவது வால்வை எதிர்ப்பக்கம் நகர்த்தி அந்தக் கணக்கு சரிக்கட்டுகிறது. அதனால்தான் நான் அதை ஈடுகட்டி என்கிறேன்.

ஒரு கலவைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். வெந்நீர் 90 டிகிரி, தண்ணீர் 30 டிகிரி. இரண்டும் நிமிடத்துக்கு 5 லிட்டர் வந்தால் மொத்தம் 10 லிட்டர், சூடு 60 டிகிரி. கட்டுப்படுத்திகளை மேனுவலில் போட்டுவிட்டு வெந்நீரை மட்டும் 1 லிட்டர் கூட்டி, எல்லாம் அடங்கும்வரை காத்திருங்கள். மொத்தம் 1 லிட்டர் கூடும், சூடு சுமார் 3 டிகிரி ஏறும். பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுத் தண்ணீரை 1 லிட்டர் கூட்டினால் மொத்தம் 1 கூடும், சூடு சுமார் 3 இறங்கும். இந்த நாலு எண்கள்தான் மாதிரி. அவற்றை ஓர் அணியாக எழுதி அதன் நேர்மாறைக் கண்டால் கருவி தயார். மொத்தம் கூட வேண்டுமா, இரண்டு வால்வையும் ஒரே அளவு திற. சூடு ஏற வேண்டுமா, வெந்நீரை எவ்வளவு கூட்டுகிறாயோ தண்ணீரை அவ்வளவு குறை.

இப்போது அதே தொட்டியை 80 டிகிரியில் ஓட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். வெந்நீர் 8.33, தண்ணீர் 1.67 லிட்டர். 60 டிகிரியில் எடுத்த கணக்கை யாரும் மாற்றவில்லை. மொத்தத்தைக் கூட்ட இரண்டிலும் 1 லிட்டர் ஏற்றினால் சூடு 80-இல் நிற்காது, 76.7-க்கு இறங்கும். வால்வில் பழுதில்லை. ஈடு எடுத்த இடம் வேறு, ஈடு கட்டும் இடம் வேறு, அவ்வளவுதான். இதைப் ‘பிரிப்பான்’ என்று படித்த பிள்ளை, பிரித்துவிட்ட பிறகு ஏன் இழுபடுகிறது என்று தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவான். ‘ஈடுகட்டி’ என்று படித்திருந்தால் நேராக அந்த நாலு எண்களைத்தான் பார்ப்பான்.

தொட்டியாவது பொறுத்துக்கொள்ளும். வடிப்புக் கோபுரம் பொறுக்காது. 1988-இல் ஸ்கோகெஸ்டாட், மொராரி, டாய்ல் மூவரும் எழுதிய கட்டுரையில் வரும் கோபுரத்தின் எண்கள் இவை:

```
 87.8   -86.4
108.2  -109.6
```

வரிசைகள் இரண்டும் உச்சிப் பொருளின் கலவை, அடிப் பொருளின் கலவை. பத்திகள் இரண்டும் மேலிருந்து திருப்பி விடும் திரவம், கீழிருந்து எழும் ஆவி. உச்சியை மட்டும் 1 அலகு நகர்த்த வேண்டுமென்றால் நேர்மாறின்படி திரவத்தை 0.399, ஆவியை 0.394 கூட்ட வேண்டும். பெருக்கிப் பாருங்கள். திரவம் உச்சியை 35 அலகு ஒரு பக்கம் தள்ளுகிறது, ஆவி 34 அலகு எதிர்ப்பக்கம் இழுக்கிறது, மிச்சம் 1. அடியில் 43-க்கு 43, மிச்சம் 0. அந்த ஒன்றுக்காக இவ்வளவு பெரிய இரண்டு எண்கள் மோதுகின்றன. திரவ வால்வு சொன்னதைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகத் திறந்தால் உச்சி 1-க்குப் பதில் 4.5 நகரும். அசையவே கூடாத அடி 4.3 நகரும்.

பிரிஸ்டல் 1966-இல் சொன்ன ஒப்பீட்டுப் பெருக்க எண்ணும் இதையே காட்டுகிறது. மற்ற அளவைச் சும்மா விட்டால் ஒரு வால்வு தன் அளவை நகர்த்துவது, அந்த மற்ற அளவை அசையாமல் பிடித்தால் நகர்த்துவதைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் எண் அது. இந்தக் கோபுரத்துக்கு அது 35. அணியின் ஓர் எண் மட்டும் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவாகப் பிசகினால் போதும், 87.8 உண்மையில் 85.3 ஆக இருந்தால் அணிக்கோவை சுழியாகி, நேர்மாறே இல்லாமல் போய்விடும். அதையும் தாண்டினால் குறி மாறும். தொகையீட்டுக் கட்டுப்பாட்டோடு அந்த ஈட்டை வைத்திருந்தால் சுற்று நிலைகுலையும்.

‘நிலையான’ என்ற சொல் எனக்கு இன்னும் வலிப்பது இதனால்தான். கட்டுப்பாட்டியல் படிப்பவன் காதில் அது ஆட்டம் இல்லாத, நிலைகுலையாத என்றே விழும். ஸ்டேட்டிக் என்று இங்கே சொல்வது வேறு: எல்லாம் அடங்கிய பிறகு நிற்கும் இறுதி அளவுகளை வைத்து மட்டுமே எடுத்த கணக்கு, நடுவில் நேரம் போவதைப் பாராதது. மொத்தத்தைக் கூட்டும்போது தண்ணீர்க் குழாய் நீளமாக இருந்து வெந்நீர் முந்திக்கொண்டால், நாலு எண்களும் மிகச் சரியாக இருந்தாலும் சூடு ஒரு தடவை எகிறிவிட்டுத்தான் 60-க்குத் திரும்பும். ஆகவே ‘இறுதிநிலைப் பிணைப்பு ஈடுகட்டி’ என்கிறேன். கொஞ்சம் நீளம்தான். நஷ்டத்தை ஈடுகட்டுவது என்று தோட்டத்தில் எல்லோரும் பேசுகிற சொல்தான் அது, அகராதியைத் தேட வேண்டாம். மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லின் முன்னொட்டைப் பார்த்தே தமிழை வெட்டுகிறார்கள், கருவி செய்கிற வேலையைப் பார்ப்பதில்லை.

அந்தத் தம்பி கேட்டான்: “அண்ணே, எகிறினது ஈடு பிழையாலயா, நேரத்தாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” நல்ல கேள்வி. கட்டுப்படுத்திகளை மேனுவலில் போடு, ஈடுகட்டியை மட்டும் விட்டுவை. அதன் ஒரு நுழைவில் சின்னப் படி கொடுத்துவிட்டு அடங்கும்வரை காத்திரு. அசையக் கூடாத அளவு எகிறிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தால் நேரத்தின் வேலை, எண்கள் சரி. புதிய இடத்தில் போய் நின்றால் எண்கள் பிழை. கட்டுப்படுத்திகளை ஆட்டோவில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. அவை எப்படியும் அளவை இழுத்து வந்து பழைய இடத்தில் நிறுத்தி, பிழையை மறைத்துவிடும்.

“முப்பத்தைந்து வந்தா என்ன பண்றது?” என்றான். முழு ஈட்டை வைக்காதே என்றேன். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் மட்டும் குறிப்பைக் கடத்து, திரும்பக் கடத்தாதே. எந்த அளவு உனக்கு முக்கியமோ அதை மட்டும் காப்பாற்று. பலகையில் இருந்த ‘நிலையான பிரிப்பானை’ அவனே அழித்துவிட்டு ‘ஒருவழி ஈடுகட்டி’ என்று எழுதி, கீழே ஒற்றை அம்புக்குறி போட்டான்.