ஜிப் போய்விட்டதா, ரன்னர் போய்விட்டதா?

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் என் சாக்கு விரிப்பில் செருப்பும் குடையும் ஒதுங்கிக்கொள்ளும். பள்ளிப் பைகள் குவிந்துவிடும். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பையைக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலானோர் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: “ஜிப் போய்விட்டது, புது ஜிப் வைத்துக் கொடுங்கள்.” கையில் வாங்கி இழுத்துப் பார்த்தால் பல நேரம் ஜிப் நன்றாகவே இருக்கும். அதன்மேல் ஓடும் அந்தச் சின்ன உலோகத் துண்டு, நாங்கள் ரன்னர் என்று சொல்வது, அதுதான் தேய்ந்திருக்கும். அதன் விலை சில ரூபாய்தான். இது தெரியாததால் சிலர் முழு ஜிப்புக்குப் பணம் கொடுக்கிறார்கள். சிலர் நல்ல பையையே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டையும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போன ஜூனில் ஒரு தாய் தன் மகளோடும் அவள் பையோடும் வந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண். “அண்ணே, முழு ஜிப்பும் மாற்ற வேண்டும், 180 ரூபாய் ஆகும் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். பெரிய அறையின் ஜிப்பை மெதுவாக மூடினேன். ரன்னர் முன்னால் போகப் போக அதன் பின்னாலேயே ஜிப் வாய் பிளந்துகொண்டு வந்தது. திரும்ப இழுத்து இரண்டாவது முறை மூடினேன். இந்த முறை பிளந்தது வேறு இடத்தில்.

இதுதான் கவனிக்க வேண்டிய அடையாளம். பல் உடைந்திருந்தாலோ, பல்லுக்குப் பதில் நைலான் சுருள் வைத்த ஜிப்பில் சுருள் நசுங்கியிருந்தாலோ எத்தனை முறை மூடினாலும் அதே இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும். ரன்னர் தேய்ந்திருந்தால் இடம் மாறி மாறிப் பிளக்கும், அல்லது நெடுகப் பிளந்துகொண்டே வரும். நகத்தால் இரண்டு பக்கப் பற்களையும் ஒருமுறை வருடிப் பாருங்கள். சீராக, ஒரே உயரத்தில், இடைவெளி இல்லாமல் இருந்தால் ஜிப்பின் மேல் பழி போடாதீர்கள்.

ரன்னரின் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. அதன் ஒரு பக்கம் இரண்டு வாய். மறுபக்கம் ஒரே வாய். பிரிந்திருக்கும் இரண்டு பல்வரிசைகளும் இரண்டு வாய் வழியாக நுழைகின்றன. உள்ளே மேல் தகடும் கீழ்த் தகடும் அவற்றை நெருக்கி, ஒன்றோடொன்று கோத்து, ஒற்றை வாய் வழியாக வெளியே விடுகின்றன. தினமும் இருபது முப்பது முறை இழுபடும்போது தகடுகளின் உட்புறம் தேய்கிறது. பையில் புத்தகங்களைத் திணித்து முட்டியால் அழுத்தி மூடினால் தகடுகள் வாய் விரிந்து கொடுக்கின்றன. இடைவெளி முடி அளவு கூடினால் போதும், நெருக்குகிற வலு போய்விடுகிறது. பல் உள்ளே போகிறது, கோக்காமல் வெளியே வருகிறது. அவ்வளவுதான் நடப்பது.

அந்தப் பையில் பெரும்பாலான பள்ளிப் பைகளைப் போல இரண்டு ரன்னர்கள். வலப்பக்கத்தது தேய்ந்திருந்தது, இடப்பக்கத்தது நன்றாக இருந்தது. வலக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் ஒரே ரன்னரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார்கள். மற்றது சும்மா கிடக்கும். எனவே செலவே இல்லாத ஒரு வழியை முதலில் சொன்னேன். கெட்ட ரன்னரை அதன் பக்கத்து மூலைக்கு, கடைசி வரை கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். நல்ல ரன்னரை மட்டும் பிடித்து மறுமுனையிலிருந்து முழுத் தூரமும் மூட வேண்டும். மூலையில் நிற்கும் ரன்னர் எதையும் கோக்க வேண்டியதில்லை என்பதால் எதுவும் பிளக்காது. தேர்வு நாள் காலையில் ஜிப் காலை வாரிவிட்டால் இதைச் செய்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

அடுத்த வழி, குறட்டால் ரன்னரை நெருக்குவது. வீட்டில் எல்லோரும் முதலில் முயல்வது இதைத்தான். அதிகம் கெடுப்பதும் இதில்தான். நெருக்க வேண்டியது ஒற்றை வாய்ப் பக்கத்தை. அதிலும் நடுவில் இல்லை, இடது ஓரத்தில் ஒருமுறை, வலது ஓரத்தில் ஒருமுறை, இரண்டுக்கும் ஒரே அளவு அழுத்தம். மூக்கு நீண்ட சின்னக் குறடு போதும். ஒரு அழுத்து, ஒரு ஓட்டம் பார்த்தல், போதவில்லை என்றால் இன்னொரு அழுத்து. ஒரேயடியாக இறுக்கினால் ரன்னர் நகராது, அல்லது பட்டென்று உடையும். பெரும்பாலான ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. இரும்புக் கம்பியைப் போல வளைந்து கொடுக்கும் குணம் அதற்குக் கிடையாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் பயணப் பையை இப்படி இறுக்கி ரன்னரை இரண்டாக உடைத்துவிட்டேன். அவர் பஸ் கிளம்ப பத்து நிமிடம் இருந்தது. பையைக் கயிறு போட்டுக் கட்டித்தான் அனுப்பினேன். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு மாற்று ரன்னர் கையில் இல்லாமல் குறட்டைத் தொடுவதில்லை.

நெருக்கிய ரன்னர் சில வாரம் ஓடும், சில நேரம் சில மாதமும் ஓடும். தேய்ந்த உலோகம் திரும்ப வளர்வதில்லை என்பதால் மறுபடி விரிந்துவிடும். ஒரு வருடம் உழைக்க வேண்டிய பைக்கு ரன்னரை மாற்றுவதே சரி. அந்தப் பைக்கும் அதைத்தான் செய்தேன்.

ரன்னரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 3, 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும். மூடிய நிலையில் பல்வரிசையின் அகலம் ஏறத்தாழ அத்தனை மில்லிமீட்டர் என்று பொருள். இந்தப் பையில் 8. எண்ணை மட்டும் சொல்லிக் கடையில் வாங்கக் கூடாது. நைலான் சுருள் ஜிப்புக்கு ஒரு ரன்னர், தனித்தனி பிளாஸ்டிக் பல் ஜிப்புக்கு வேறு, உலோகப் பல்லுக்கு வேறு. எண் ஒன்றாக இருந்தாலும் ஒன்று மற்றதில் ஓடாது. இப்போது வரும் பல பைகளில் சுருள் உள்பக்கம் திரும்பி, வெளியே ஜிப்பின் வழவழப்பான துணிப் பட்டை மட்டும் தெரியும். அதற்கும் தனி ரன்னர் உண்டு. பழைய ரன்னரையே கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். அப்போது ஒற்றை வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், பழையதன் வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

பையின் ஜிப் முனை பக்கத் தையலுக்குள் ஒளிந்திருக்கும். உள்பக்கத்தைப் புரட்டினால் ஓரத்தை மூடி ஒரு நாடா தைத்திருப்பார்கள். அந்த நாடாவில் இரண்டு அங்குலத் தையலை மட்டும் பிளேடு முனையால் பிரித்தேன். துணியை அறுக்காமல் நூலை மட்டும் ஒன்றுவிட்டு ஒன்று வெட்டினால் மீதி தானாகக் கழன்றுவிடும். ஜிப் முனை வெளியே வந்ததும் பழைய ரன்னரை அதன் வழியாக இழுத்து எடுத்தேன். வராமல் அடம்பிடிக்கும் ரன்னரைக் கம்பி வெட்டும் கட்டரால் நடுவில் வெட்டலாம். அப்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், துண்டு கண்ணில் தெறிக்கும்.

இரண்டு பட்டைகளின் முனையையும் ஒரே மட்டத்தில் கத்தரித்து, புது ரன்னரின் இரண்டு வாயும் ஜிப்பின் நடுவை நோக்கி இருக்கும்படி வைத்து, ஒரு வாய்க்கு ஒரு பட்டையாக நுழைத்தேன். பிசிறு வருகிறது என்று முனையைத் தீயில் காட்டுவது வழக்கம். அதை ரன்னர் ஏறிய பிறகு செய்ய வேண்டும். முன்பே காட்டினால் நைலான் உருகி முடிச்சாகி, வாய்க்குள் நுழையாது.

இரண்டு பட்டைகளும் சேர்ந்தே உள்ளே போக வேண்டும். ஒரு பட்டை இரண்டு பல் முந்திவிட்டாலும் மூடிய ஜிப்பில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். நான்கு விரல் நீளம் மூடித் தரையில் வைத்துப் பார்த்தேன், தட்டையாகப் படிந்திருந்தது. புடைத்திருந்தால் தயங்காமல் கழற்றி மறுபடி ஏற்றுங்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், ஆகாது. பிறகு முனைக்கு அரை அங்குலம் முன்னால், பற்களின் மேல் குறுக்காக ஏழெட்டுச் சுற்று நூல் போட்டு இறுக்கினேன். ரன்னர் திரும்ப வந்து கழன்றுவிடாமல் தடுக்கும் மதில் அது.

நாடாவைத் திரும்பத் தைக்கும்போது ஊசி பழைய துளைகளிலேயே இறங்க வேண்டும். ரெக்சினில் புதுத் துளைகளை நெருக்கி நெருக்கிப் போட்டால் தபால்தலையின் ஓரம் போல அந்த வரிசையிலேயே கிழிந்து வரும். பை தைக்கும் நைலான் நூலை மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்காது. ஒவ்வொரு தையலிலும் ஒரு துளை பின்னால் வந்து முன்னால் போகும் பின்தையல் போட்டேன். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். நாற்பது ரூபாய் வாங்கினேன்.

“தங்கச்சி, இந்த ஜிப்பில் எந்தக் குறையும் இல்லை. இனி மூடும்போது ஒரு கையால் பையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூடச் சொல்லுங்கள். இழுப்பின் பாரம் ரன்னர் மேல் விழக் கூடாது” என்றேன். ஓட்டம் கனமாக இருக்கும்போது வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அன்றைக்கு வழுக்கும்; பிறகு தூசியை இழுத்துச் சேர்த்து உப்புத்தாள் போல ரன்னரைத் தேய்க்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பற்களைச் சுத்தம் செய்து, மெழுகுவத்தியை இருபுறமும் தேய்த்துவிட்டால் போதும். பையைத் துவைக்கும்போது ஜிப்பை மூடிவிட்டுத் துவைக்க வேண்டும். திறந்த பற்கள்தான் முறுக்கிக்கொண்டு நசுங்குகின்றன.

கிளம்பும்போது அந்தப் பெண் முன்பக்கச் சின்ன அறையைக் காட்டினாள். அங்கே கதை வேறு. முனையிலிருந்து ஓர் அங்குலத்தில் சுருள் பட்டையை விட்டுப் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதை எந்த ரன்னரும் கோக்காது. நடுவில் பிய்ந்திருந்தால் முழு ஜிப்பும் மாற்றத்தான் வேண்டும், அதைச் சொல்லக் கூச்சப்பட மாட்டேன். இது முனைக்குப் பக்கத்தில் இருந்தது. ரன்னரைப் பிய்ந்த இடத்தைத் தாண்டி நல்ல பக்கத்துக்கு நகர்த்தி, பிய்ந்த இடத்துக்குச் சற்று முன்னால் நூல் மதில் போட்டு, பின்னால் இருந்த ஓர் அங்குலத்தையும் சேர்த்துத் தைத்து மூடிவிட்டேன். அறையின் வாய் ஓர் அங்குலம் குறைந்தது. பென்சில் பெட்டி உள்ளே போகிறதா என்று அவளையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். சாய்த்துப் போட்டால் போனது.