பெயர் எம்பி3, உள்ளே வேறு

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பட்டர்வொர்த்தில் உள்ள என் கடைக்கு ஒரு பெரியவர் பழைய சாகா காரில் வந்தார். “தம்பி, ரேடியோ கெட்டுப்போச்சு, வேற மாத்திடு” என்றார். பென்டிரைவில் 40 முருகன் பாட்டு. அதில் 13 பாட்டு மட்டும் ஓடவில்லை. ரேடியோ திரையில் பாட்டின் பெயர் வரும், 00:00 என்று நிற்கும், அடுத்ததற்குத் தாவிவிடும்.

மற்ற 27 நன்றாகப் பாடுகிறதே, அப்புறம் ரேடியோவை ஏன் மாற்ற வேண்டும்? அந்த 13 பாட்டுமே அவருடைய பேரன் கைப்பேசியிலிருந்து ஏற்றியவை. எல்லாம் ஏஏசி முறையில் சுருக்கிய `.m4a` கோப்புகள். “கார்ல எம்பி3தான் ஓடும்”னு யாரோ சொல்ல, பையன் பெயரின் கடைசியை மட்டும் `.mp3` என்று மாற்றிவிட்டான். நல்லெண்ணெய் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் லேபிள் ஒட்டிய கதைதான். கைப்பேசி பெயரை நம்பாமல் கோப்பைத் திறந்து பார்த்துப் பாடிவிடுகிறது. அதனால் வீட்டில் சோதித்தபோது குறை தெரியவில்லை. இந்த மாதிரி சாதாரண ரேடியோவுக்கு எம்பி3, சிலவற்றில் கூடவே டபிள்யூஎம்ஏ, இவ்வளவுதான் பிரித்துப் பாடத் தெரியும். உள்ளே ஏஏசி இருந்தால் பெயர் என்னவானாலும் பாடாது.

சந்தேகம் இருந்தால், ffmpeg என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றிக்கொண்டு, பாட்டு இருக்கும் ஃபோல்டரில் இப்படிப் பாருங்கள்:

```
ffprobe "07.mp3"
```

கடைசி வரிகளில் `Audio: mp3` என்றிருந்தால் சரி. பெரியவருடைய கோப்பில் `Audio: aac` என்று வந்தது. `ok` என்று ஒரு ஃபோல்டர் போட்டுக்கொண்டு, நிஜமாகவே மாற்றினேன்:

```
ffmpeg -i "07.mp3" -vn -c:a libmp3lame -b:a 192k -ar 44100 "ok\07.mp3"
```

`-vn` பாட்டோடு ஒட்டியிருக்கும் அட்டைப்படத்தை விட்டுவிடும். `-b:a`-வில் 192 வைத்தால் ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 7 எம்பி வரும். சிலர் 320 கேட்பார்கள். ஏற்கெனவே சுருக்கிய பாட்டில் போன ஒலி திரும்பி வராது, கோப்புதான் வீங்கும். மாற்றும்போதும் தரம் துளி குறையும், ஆனால் ஓடும் காரில் அது காதுக்குத் தெரிந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஒரு பாட்டுமே ஓடாவிட்டால் அது வேறு கதை, பென்டிரைவைப் பார்க்க வேண்டும். 64 ஜிபி வாங்கினால் பெரும்பாலும் exFAT அமைப்பில் வரும். பழைய ரேடியோ பலவற்றுக்கு FAT32தான் தெரியும். 16 அல்லது 32 ஜிபி போதும். FAT32-க்கு மாற்ற ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முதலில் எடுத்து வையுங்கள்.

பெரியவர் இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். எல்லாம் பாடுகிறது, ஆனால் காப்புப் பாட்டு கடைசியில் வருகிறதாம். சில ரேடியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காது, பென்டிரைவில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 01-லிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்தேன்.